மாத்திரை போட்டதும் வாந்தி வந்துவிட்டால் இன்னொன்று போட வேண்டுமா?

கருத்தடை மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால், வயிறு கொஞ்சம் அடங்கியதும் இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் தாண்டிய பிறகு வந்த வாந்தி என்றால் வேண்டாம். அடுத்த மாத்திரையை வழக்கமான நேரத்துக்குப் போட்டால் போதும்.

ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். இரண்டாவதாகப் போட்டதும் வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது, அட்டையில் எந்த மாத்திரையை எடுத்துப் போடுவது, வாந்தி இரண்டு மூன்று நாள் நீடித்தால் எத்தனை நாள் ஆணுறை தேவை என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

மூன்று மணி நேரம் என்ன கணக்கு?

விழுங்கிய மாத்திரை முதலில் இரைப்பையில் கரைகிறது. ஆனால் மருந்து பெருமளவு ரத்தத்துக்குள் போவது அடுத்து வரும் சிறுகுடலில்தான். வாந்தி இரைப்பையில் இருப்பதைத்தான் வெளியே தள்ளும். சிறுகுடலின் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிட்ட மருந்தைத் திரும்ப எடுக்க அதனால் முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வாந்தி வந்த நேரத்தில் மருந்து எங்கே இருந்தது?

கூட்டு கருத்தடை மாத்திரையில் இரண்டு ஹார்மோன்கள் இருக்கும். ஒன்று பெரும்பாலும் எத்தினைல் எஸ்ட்ரடியால் என்ற ஈஸ்ட்ரோஜன். மற்றொன்று லெவோநார்ஜெஸ்ட்ரல் போன்ற ஒரு புரொஜெஸ்டின். மாத்திரை போட்ட ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இவை ரத்தத்தில் உச்ச அளவை எட்டிவிடும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இரண்டு மணி நேரம் என்று வரம்பு வைத்தது. பிரிட்டனில் மூன்று மணி நேரம் என்கிறார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் வரும் துண்டுச் சீட்டுகள் பலவற்றில் ‘மூன்று முதல் நான்கு மணி நேரம்’ என்று போட்டிருக்கும். ஒருவர் சொல்வது தப்பு, இன்னொருவர் சொல்வது சரி என்று இதில் எதுவும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரைப்பை காலியாக நேரம் பிடிக்கும், வெறும் வயிறு என்றால் சீக்கிரம் காலியாகும். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் இது மாறும். யார் எவ்வளவு எச்சரிக்கை சேர்த்துக்கொண்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மூன்றா, மூன்றரையா என்று சந்தேகம் வந்தால் போட்டுவிடுவதே மேல். வழக்கமான ஒரு கூட்டு மாத்திரையில் 30 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடியாலும் 150 மைக்ரோகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலும் இருக்கும். ஒரே நாளில் அது இரண்டு மடங்கானால் கொஞ்சம் குமட்டல் கூடலாம், அவ்வளவுதான். போடாமல் விட்டால் இழப்பது ஒரு நாள் மருந்து. இப்படி இரண்டு பக்கத்தையும் எடைபோட்டுப் பார்க்கிற வழக்கம் மற்ற மாத்திரைகளுக்கும் உதவும், ஆனால் அங்கே தராசு வேறு பக்கம் சாயும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

வாந்தியில் மாத்திரை தெரிகிறதா என்று தேடிப் பார்ப்பவர்கள் உண்டு. முழு மாத்திரை அப்படியே தெரிந்தால் நல்லது. சந்தேகமே இல்லாமல் இன்னொன்று போடலாம். தெரியவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சின்ன மாத்திரை அது, இரைப்பையில் சீக்கிரமே உடைந்து தூளாகிவிடும். மருந்து இன்னும் ரத்தத்துக்குப் போகாமலே மாத்திரை கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். எவ்வளவு வாந்தி வந்தது என்பதும் கணக்கில் வராது. கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டையில் எதை எடுப்பது?

வீட்டில் இன்னொரு அட்டை இருந்தால் அதிலிருந்து ஒன்று எடுங்கள். இப்போது நடக்கும் அட்டையின் கிழமைக் கணக்கு கலையாமல் அப்படியே இருக்கும். கூடுதல் மாத்திரைக்கென்று ஒரு அட்டையைத் தனியாக ஒதுக்கி வைத்துக்கொள்வது வசதி.

இன்னொரு அட்டை இல்லையென்றால், 21 மாத்திரை அட்டையின் கடைசி மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது அட்டை ஒரு நாள் முன்னதாகவே தீர்ந்துவிடும், ஏழு நாள் இடைவெளியும் ஒரு நாள் முன்னதாகத் தொடங்கும். அப்படியானால் புது அட்டையையும் ஒரு நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும். ‘எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் புது அட்டை’ என்ற பழக்கத்தில் ஞாயிறு வரை காத்திருந்தால், இடைவெளி எட்டு நாளாகிவிடும். வாந்தியைவிடப் பெரிய ஆபத்து அந்த எட்டாவது நாளில் இருக்கிறது; ஏன் என்று அடுத்த பகுதியில் வருகிறது.

28 மாத்திரை அட்டையில் பொதுவாகக் கடைசி ஏழு மாத்திரைகளில் ஹார்மோன் இருக்காது. சிலவற்றில் இரும்புச்சத்து இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. நிறம் வேறாக இருப்பதால் அடையாளம் தெரியும். (24 ஹார்மோன் மாத்திரையும் நான்கு வெற்று மாத்திரையும் உள்ள அட்டைகளும் உண்டு.) வெற்று மாத்திரை போட்ட பிறகு வாந்தி வந்தால் கவலையே வேண்டாம். கூடுதல் மாத்திரைக்காக அட்டையின் வால்பக்கத்தில் கைவைக்கும்போது, கடைசி மாத்திரை என்று நினைத்து இந்த வெற்று மாத்திரையை எடுத்துப் போட்டுவிடக் கூடாது. அப்படிப் போட்டால் ஒன்றும் போடாததற்குச் சமம். ஒரே அட்டையில் இரண்டு மூன்று நிறத்தில் ஹார்மோன் மாத்திரைகள் இருந்தால், அளவு வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்று அர்த்தம். வாந்தியில் போன மாத்திரையின் அதே நிறத்தில் ஒன்றை இன்னொரு அட்டையிலிருந்து எடுப்பதுதான் சரி.

ஒரு வாரத்தின் கணக்கு

ஒரு பெண் தினமும் இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 21 மாத்திரை அட்டை. செவ்வாய் இரவு ஒன்பதாவது மாத்திரை, எந்தச் சிக்கலும் இல்லை. புதன் இரவு ஒன்பது மணிக்குப் பத்தாவது. பத்தேகாலுக்கு வாந்தி. ஒன்றேகால் மணி நேரம்தான் ஆகியிருக்கிறது, ஆகவே இன்னொன்று வேண்டும். வாந்தி எடுத்த கையோடு போட்டால் அதுவும் வெளியே வரும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் பொறுத்து, பத்தே முக்காலுக்கு இன்னொரு அட்டையிலிருந்து ஒன்று போடுகிறார். பதினொன்றரைக்கு மறுபடி வாந்தி. அதுவும் போனது.

இரவெல்லாம் விழித்திருந்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. காலை எட்டு மணிக்குக் குமட்டல் நின்றிருக்கிறது. அப்போது ஒன்று போடுகிறார், அது தங்கிவிடுகிறது. செவ்வாய் இரவு ஒன்பதிலிருந்து வியாழன் காலை எட்டு வரை 35 மணி நேரம். உடலில் தங்கிய இரண்டு மாத்திரைகளுக்கு இடையே 48 மணி நேரத்துக்குள் இருப்பதால் பாதுகாப்பு குறையவில்லை, ஆணுறையும் தேவையில்லை. வியாழன் இரவு ஒன்பதுக்கு வழக்கம்போலப் பதினோராவது மாத்திரை. ஒரே நாளில் இரண்டு ஆகிறதே என்று தயங்க வேண்டாம்.

இப்போது இன்னொரு விதமாக நடந்ததாக வைத்துக்கொள்வோம். அதே புதன்கிழமை தொடங்கிய வாந்தி, வெள்ளி இரவு வரை நிற்கவில்லை. எதைப் போட்டாலும் தங்கவில்லை. சனிக்கிழமை காலைதான் முதல் மாத்திரை தங்குகிறது. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மாத்திரை போட்டிருந்தாலும், உடலைப் பொறுத்தவரை போடவே இல்லை. வாந்தி ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும்போது, மருந்து தங்காத ஒவ்வொரு நாளையும் மாத்திரை மறந்த நாளாகவே எண்ண வேண்டும். அவர் சனி காலை ஒன்று போடுகிறார். விட்டுப்போன மூன்றையும் சேர்த்துப் போடக் கூடாது, ஒன்றே போதும். இரவு ஒன்பதுக்குப் பதின்மூன்றாவது மாத்திரை. அன்றிலிருந்து தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை ஒழுங்காகத் தங்கும் வரை, அதாவது அடுத்த வெள்ளி இரவு மாத்திரை வரை, உடலுறவு என்றால் ஆணுறை. அல்லது உடலுறவையே தவிர்க்கலாம்.

ஏன் ஏழு? சினைப்பையை முழுதாக அடக்கி, கருமுட்டை வெளிவராமல் பார்த்துக்கொள்ளத் தொடர்ந்து ஏழு நாள் மாத்திரை வேண்டும் என்று கணக்கு. அப்படி அடங்கிய சினைப்பை மாத்திரை இல்லாமல் ஏழு நாள் வரை அமைதியாக இருக்கும். அட்டைக்கு அட்டை விடும் இடைவெளி ஏழு நாளாக இருப்பது இதனால்தான். அந்த ஏழுக்கு மேல் நீண்டால் கருமுட்டை முதிரத் தொடங்கலாம். எட்டாவது நாள் ஆபத்து என்றது இதைத்தான்.

இதை வைத்துப் பார்த்தால், வாந்தி எந்த வாரத்தில் வந்தது என்பது பெரிய வித்தியாசம் செய்யும் என்று புரியும். மேலே சொன்ன பெண்ணுக்கு இரண்டாவது வாரம். முன்னால் ஒன்பது மாத்திரைகள் ஒழுங்காகப் போயிருக்கின்றன, பின்னால் இடைவெளிக்கு முன் இன்னும் ஏழுக்கு மேல் இருக்கின்றன. நல்ல நேரத்தில் வந்த வாந்தி என்றே சொல்லலாம். வாந்திக்கு முந்தைய நாட்களில் உறவு இருந்திருந்தாலும், உறவுக்குப் பிறகு போடும் அவசர கருத்தடை மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது.

இதே மூன்று நாள் வாந்தி புது அட்டையின் முதல் மூன்று நாளில் வந்திருந்தால் கதை வேறு. ஏழு நாள் இடைவெளியோடு இந்த மூன்றும் சேர்ந்து பத்து நாளாகிவிட்டது. இடைவெளி நாட்களிலோ இந்த நாட்களிலோ ஆணுறை இல்லாமல் உறவு இருந்திருந்தால், அவசர கருத்தடை வேண்டுமா என்று அன்றைக்கே மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்க வேண்டும். மூன்றாவது வாரத்தில், உதாரணமாக 16, 17, 18 ஆகிய மாத்திரைகள் போயிருந்தால், இடைவெளிக்கு முன் மிச்சம் மூன்றுதான். ஏழு ஆகாது. அப்போது அந்த மூன்றையும் முடித்த மறுநாளே, இடைவெளி விடாமல் புது அட்டையைத் தொடங்க வேண்டும். 28 மாத்திரை அட்டை என்றால் வெற்று மாத்திரைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போகலாம். அந்த மாதம் மாதவிடாய் வராமல் போகலாம், இடையில் லேசாக ரத்தம் படலாம். இரண்டாலும் பாதிப்பு இல்லை.

வயிற்றுப்போக்குக்கும் இதே கணக்கு உண்டு, ஆனால் சாதாரணப் போக்குக்கு அல்ல. ஒரு நாளில் ஆறு முதல் எட்டு தடவை தண்ணீராகப் போனால்தான் மருந்து உறிஞ்சப்படாமல் போகும் என்று அஞ்ச வேண்டும். இரண்டு தடவை இளகிப் போனதற்கெல்லாம் கூடுதல் மாத்திரை தேவையில்லை.

மாத்திரையே குமட்டலைக் கிளப்புவதும் உண்டு, முக்கியமாகப் பழகாத முதல் சில மாதங்களில். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன். சாப்பிட்ட பிறகோ படுக்கப் போகும்போதோ போட்டால் பலருக்கு அடங்கிவிடும். காரணம் தெரியாமல் குமட்டல் தொடர்ந்து, இடைவெளி நாட்களில் வர வேண்டிய ரத்தப்போக்கும் வரவில்லை என்றால் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்த்துவிடுங்கள்.

புரொஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரை, அவசர மாத்திரை

ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரைகளை இடைவெளியே விடாமல் போடுவார்கள். வாந்தி விஷயத்தில் தொடக்கம் ஒன்றுதான்: மூன்று மணி நேரத்துக்குள் வந்தால் இன்னொன்று. ஆனால் இவற்றில் தாமதத்துக்கு இடம் குறைவு. லெவோநார்ஜெஸ்ட்ரல், நோரெதிஸ்டெரோன் வகைகளில் வழக்கமான நேரத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலே மாத்திரை தவறியதாகக் கணக்கு. டெசோஜெஸ்ட்ரல் வகையில் 12 மணி நேரம் வரை பொறுக்கலாம். மேலே சொன்ன பெண் டெசோஜெஸ்ட்ரல் போட்டிருந்தால், வியாழன் காலை எட்டுக்குப் போட்டது 11 மணி நேரத் தாமதம், தப்பித்திருப்பார். நோரெதிஸ்டெரோன் என்றால் தப்பியிருக்க மாட்டார். வரம்பு தாண்டிவிட்டால் மாத்திரை ஒழுங்காகத் தங்கத் தொடங்கிய பிறகு இரண்டு நாள் ஆணுறை வேண்டும். சில துண்டுச் சீட்டுகள் ஏழு நாள் என்று எச்சரிக்கையாகச் சொல்லும். உங்கள் பெட்டியில் அப்படி இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அவசர கருத்தடை மாத்திரையில் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் முழு அளவையும் மறுபடி போட வேண்டும். 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்றாலும் 30 மில்லிகிராம் யூலிப்ரிஸ்டல் என்றாலும் இதே விதிதான். தினசரி மாத்திரையில் கையில் இன்னொன்று இருக்கும். இதில் இருக்காது, புதிதாக வாங்க வேண்டும். நேரம் போகப் போக இது வேலை செய்யும் வாய்ப்பும் குறையும் என்பதால், காலை ஆகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். உறவு நடந்த நேரத்திலிருந்து லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கு 72 மணி நேரம், யூலிப்ரிஸ்டலுக்கு 120 மணி நேரம் என்பது எல்லை. இரண்டாவதைப் போடும் முன் வாந்தியை அடக்கும் மருந்து வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். அதுவும் தங்கவில்லை என்றால், உறவு நடந்த ஐந்து நாளுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொள்ளும் வழி இருக்கிறது. அது வயிற்றை நம்பி இல்லை.

மற்ற மாத்திரைகளுக்கு இதே விதியைப் போடலாமா?

கூடாது. கருத்தடை மாத்திரையில் ஒன்று கூடினால் கேடில்லை என்பதால்தான் தாராளமாக மறுபடி போடச் சொல்ல முடிகிறது. சர்க்கரையைக் குறைக்கும் கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தியில் பாதி போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். சாப்பிட்டது மட்டும் நிச்சயம் வெளியே போய்விட்டது. அந்த நிலையில் இன்னொன்று போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், வாரத்துக்கு ஒரு முறை மட்டும் போடும் மெத்தோட்ரெக்ஸேட், மார்ஃபின் வகை வலி மாத்திரைகள் எல்லாம் இரட்டிப்பானால் தீங்கு செய்பவை. டிகாக்சின், லித்தியம் இரண்டிலும் இன்னொரு சிக்கல் உண்டு: உடலில் மருந்து அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதன் அறிகுறியாகவே வாந்தி வரலாம். அங்கே மறுபடி போடுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

வலிப்பு மருந்து இரண்டு பக்கமும் கூரானது. கூடினாலும் கெடுதல், விட்டாலும் வலிப்பு வரலாம். அதை நீங்களாக முடிவு செய்யாமல் உடனே கேட்க வேண்டும். மலேரியா மருந்து போல, ஒரு வேளை தவறினாலும் நோய் முந்திவிடும் மருந்துகளுக்கு மறுபடி கொடுப்பதற்கென்றே நேர வரம்பு வைத்திருக்கிறார்கள்; அது கருத்தடை மாத்திரைக்கு உள்ளதைவிடக் குறைவு. பாராசிட்டமால் போன்றவற்றுக்கு எளிய வழி, அடுத்த வேளை வரும் வரை காத்திருப்பது.

மருத்துவரையோ மருந்தாளுநரையோ அழைக்கும் முன் நான்கு விவரங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மாத்திரையின் பெயரும் அளவும், போட்ட நேரம், வாந்தி வந்த நேரம், இதற்கு முந்தைய மாத்திரை எப்போது ஒழுங்காகத் தங்கியது. பலரும் முதல் மூன்றைச் சொல்லிவிடுவார்கள். நான்காவதைக் கேட்டால்தான் யோசிப்பார்கள். ஆணுறை தேவையா, எத்தனை நாள் என்று முடிவு செய்ய அதுதான் வேண்டியிருக்கிறது.